எல்லோரும் தூங்கிவிட்டால் யார் கேட்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஆறு பேர் மாதம் இருமுறை கூடிக் கவிதை வாசிக்கிறோம். வாசித்து முடித்ததும் யாராவது ஒருவர் ‘சரி, கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?’ என்று தொடங்கிவைப்பார். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். சென்ற முறை குறுந்தொகையின் 6ஆம் பாடலை எடுத்தோம். ‘ஊரே தூங்குகிறது, அவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை, பிரிவுத் துயரைச் சொல்கிறார்’ என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினோம். இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட்டது. புதுக்கவிதை என்றால் நேர்மாறு. ஆளுக்கொரு கருத்து சொல்லிவிட்டுக் கடைசியில் ‘கவிஞரைத்தான் கேட்கவேண்டும்’ என்று கலைந்துவிடுகிறோம். கேள்வியே தப்போ என்று இப்போது தோன்றுகிறது. அப்படியென்றால் முதலில் எதைக் கேட்பது?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

கவிஞரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு சிறிய கூட்டத்தில் நான் எழுதிய ஒரு கவிதையை வாசித்தேன். பெரிய கவிதை இல்லை, ஆறு வரி.

வீட்டை விற்றாயிற்று.
சாவியைக் கொடுக்கும்போது
புதியவரிடம் சொன்னேன்:
மூன்றாவது படி சத்தம் போடும்,
பிள்ளைகள் தூங்கும் நேரமென்றால்
தாண்டி வாருங்கள்.

வாசித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் உங்கள் கேள்வியைத்தான் கேட்டார். நானும் பொறுப்பாகப் பதில் சொன்னேன். பழைய வீட்டைப் பிரியும் ஏக்கம், பொருட்களில் தங்கிவிடும் நினைவு, அப்படி ஏதோ. அவருக்குத் திருப்தி. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதாகக்கூட ஞாபகம். அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்: “இதைச் சொல்பவர் எங்கே நிற்கிறார்?”

வாசலில்தான், சாவியைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். “அப்படியானால் ‘தாண்டிப் போங்கள்’ என்றல்லவா வரவேண்டும்? வாருங்கள் என்கிறாரே” என்றார் அவர்.

நான் தாளைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ‘வாருங்கள்’ என்று சொல்பவன் படியின் உச்சியில், வீட்டுக்குள் நிற்கிறான். சாவி கைமாறிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் உள்ளேயே இருக்கிறது. தூங்குகிற பிள்ளைகள் யாருடையவர்கள் என்பதும் அந்த நொடியில் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. புதியவருக்குப் பிள்ளைகள் உண்டா என்பதே கவிதையில் இல்லை. இதில் எதுவும் எனக்குத் தெரிந்து நடக்கவில்லை. ‘வாருங்கள்’ கைக்கு வந்தது, எழுதினேன். என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டபோது நான் தந்த பதில் கவிதையைவிடக் குறைவானதாக இருந்தது. எழுதியவனே தந்த பதில் என்பதால் யாரும் அதை மறுக்கவுமில்லை.

அந்தக் கேள்வியில் எனக்கு இருக்கும் குறை இதுதான். ‘சொல்ல வருகிறார்’ என்ற பிரயோகத்தையே பாருங்கள். வருகிறார், ஆனால் வந்து சேரவில்லை. பாவம், வாய் திக்குகிறது, நாம்தான் எடுத்துக்கொடுக்கவேண்டும் என்பது போல. எடுத்துக்கொடுத்தவுடன் கவிதைக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் கூட்டத்தில் அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது அதுதான்.

அந்தப் பெண்ணின் கேள்வி வேறு மாதிரி. அதற்கு மேதாவித்தனம் எதுவும் தேவையில்லை. யார் பேசுகிறார், யாரிடம், எங்கே நின்றுகொண்டு, எப்போது. ஒரு விபத்தைப் பார்த்தவரிடம் விசாரிப்பதைப் போன்ற கேள்விகள். இவற்றில் எதற்கும் ‘ஏக்கம்’ என்றோ ‘துயரம்’ என்றோ பதில் சொல்லிவிட முடியாது. ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டவேண்டியிருக்கும்.

நம் மரபில் இது பழைய விஷயம். தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. அதில் கூற்று ஒன்று, கேட்போர் ஒன்று, களன் ஒன்று, காலம் ஒன்று. சொல்பவர், கேட்பவர், இடம், நேரம் என்று நான்கும் தனித்தனி உறுப்புகள். ‘முன்னம்’ என்று இன்னொன்றும் உண்டு. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தக்கது என்று தெரியும்படி அமைவது அது. பொருள் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, 23ஆவதாக. வரிசையை வைத்து நான் வாதம் செய்யப்போவதில்லை. சொல்பவரையும் கேட்பவரையும் பொருளுக்குள் கரைத்துவிடாமல் தனியே எண்ணியிருக்கிறார்களே, அதைத்தான் காட்ட விரும்புகிறேன்.

சரி, உங்கள் பாட்டுக்கு வருவோம். பதுமனார் பாடியது. நான்கே வரி.

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

நள்ளிரவு ‘நள்’ என்று ஒலிக்கிறது. பேச்சு அவிந்து, மாக்கள் இனிதாக அடங்கிவிட்டார்கள். வெறுப்பு ஏதுமின்றி அகன்ற உலகமும் தூங்குகிறது. நான் ஒருத்தி, நிச்சயமாக, தூங்காமல் இருக்கிறேன்.

‘யார் யாரிடம்’ என்ற கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். பாட்டின் அடியில் இருக்கும் துறைக்குறிப்பு பதில் சொல்லிவிடுகிறது. திருமணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பொருள் தேடப் போயிருக்கிறான் தலைவன். அதைத் தாங்க முடியாத தலைவி தோழியிடம் சொல்வது. நாமும் சரி என்று கடந்துவிடுகிறோம். ஆனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லோரும் அடங்கிவிட்டார்கள், உலகமே தூங்குகிறது, விழித்திருப்பது நான் ஒருத்திதான் என்று அவள் சொல்கிறாள். அப்படியானால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தோழி?

தோழி விழித்திருந்தால் ‘ஓர் யான்’ என்பது பொய். தோழி தூங்குகிறாள் என்றால் இந்தப் பேச்சைக் கேட்க ஆளே இல்லை. மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. மறுநாள் பகலில், நேற்று இரவு நடந்ததைச் சொல்கிறாள் என்று கொள்ளலாம்.

இந்த மூன்றில் எது என்பதை நம் விருப்பப்படி முடிவு செய்ய வேண்டியதில்லை. வினைச்சொற்களைப் பார்க்கலாம். ‘நள்ளென்றன்று’, ‘அடங்கினர்’ இரண்டும் முடிந்தவை. அதை வைத்து மறுநாள் பேச்சு என்று சொல்லிவிட மனம் தாவும். ஆனால் அடுத்தது ‘துஞ்சும்’. உலகம் துஞ்சியது என்று அவள் சொல்லவில்லை. அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒவ்வொரு இரவும் அப்படித்தான் தூங்கும். கடைசியில் ‘துஞ்சாதேன்’. பழந்தமிழில் இப்படிப்பட்ட எதிர்மறை வடிவம் காலம் காட்டாது. நேற்றா, இன்றா, நாளையா என்று அந்தச் சொல்லைக் கேட்டுப் பயனில்லை. முடிந்த இரவில் தொடங்கி, முடியாத இரவுக்குள் போய், கடைசியில் காலமே இல்லாத ஓர் இடத்தில் நிற்கிறது பேச்சு. எனக்கு இது மறுநாள் காலைப் பேச்சாகத் தோன்றவில்லை. இரவுக்குள்ளிருந்துதான் வருகிறது.

அப்படியானால் மீதி இரண்டு. பக்கத்தில் தோழி தூங்குகிறாள், இவள் இருட்டைப் பார்த்துப் பேசுகிறாள். அல்லது தோழி பாதித் தூக்கத்தில் ‘ம்’ கொட்டுகிறாள், இவள் அவளையும் தூங்குகிறவர்கள் கணக்கில் சேர்த்துவிடுகிறாள். இரண்டாவதில் ஒரு குத்தல் இருக்கிறது. நான் அதன் பக்கம் சாய்கிறேன். காரணம் பாட்டிலேயே இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க இன்னொரு கேள்வி தேவை.

இங்கே உங்கள் பழைய கேள்வியைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் நண்பர் சொன்ன ஒருவரிச் சுருக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது தவறில்லை. பாட்டின் சொற்களைக் கொண்டே அதைச் சொன்னால் இப்படி வரும்: யாமம், மாக்கள் அடங்கினர், உலகமும் துஞ்சும், யான் துஞ்சேன். செய்தி முழுவதும் வந்துவிட்டது. இப்போது பாட்டிலிருந்து இதைக் கழியுங்கள். மிச்சம் என்ன? நள்ளென்றன்று. சொல் அவிந்து. இனிது. முனிவு இன்று. நனந்தலை. ஓர். மன்ற. செய்திக்குத் தேவைப்படாத ஏழு. ‘செய்திக்குத் தேவையில்லாமல் எவை இருக்கின்றன?’ என்பதுதான் நான் சொல்லும் இரண்டாவது கேள்வி. மிச்சமிருப்பவற்றில் எது உறுத்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றையும் பிடிக்கத் தேவையில்லை.

என்னை உறுத்துவது ‘முனிவின்று’. முனிவு என்றால் வெறுப்பு, சினம். தூங்குகிற உலகத்தைப் பற்றி யாராவது ‘வெறுப்பில்லாமல் தூங்குகிறது’ என்று சொல்வார்களா? ஆழ்ந்து தூங்குகிறது என்பார்கள், அசையாமல் தூங்குகிறது என்பார்கள். ஒன்று ‘இல்லை’ என்று சொல்லத் தோன்றுவது, அது இருக்கும் என்று எதிர்பார்ப்பவருக்குத்தான். காலில் முள் தைத்தவன்தான் எதிரே வருகிறவன் நொண்டாமல் நடப்பதைக் கவனிப்பான். முனிவு இருப்பது அவளிடம். அதைத் தனக்குரியதாக அவள் எங்கேயும் சொல்லவில்லை. உலகத்திடம் அது இல்லை என்று மட்டும் சொல்கிறாள். ‘இனிது’ என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தூங்குகிறவர்களைத் தன்னிடம் இல்லாததை வைத்து அளக்கிறாள்.

இப்போது தோழியிடம் திரும்பிப் போங்கள். பொறுத்துக்கொள், வந்துவிடுவான் என்று ஆறுதல் சொல்வது அகப்பாட்டுத் தோழியின் வழக்கமான வேலை. அப்படிச் சொல்லிவிட்டு இனிதாக அடங்கிவிட்ட ஒருத்தியின் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைச் சொன்னால், ‘மாக்கள்’ என்ற சொல்லுக்குள் அவளும் இருக்கிறாள். பாட்டு ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்பதிலிருந்து ‘உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது?’ என்று சாய்கிறது. ஆறு பேரும் இதை ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் மறுப்பவர் இப்போது ஒரு சொல்லைக் காட்டித்தான் மறுக்கவேண்டும். உங்கள் கூட்டம் இரண்டு நிமிடத்தில் முடியாது.

மிச்சத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘நள்ளென் யாமம்’ என்பது சங்கப் பாடல்களில் அடிக்கடி வரும் தொடர், கிட்டத்தட்ட வழக்குச்சொல். பதுமனார் அதை உடைத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார். நள்ளென்றன்றே யாமம். அடைமொழியாக வழக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது இங்கே வினையாகிவிட்டது. இரவு ஏதோ செய்கிறது, ஒலிக்கிறது. அடுத்த சொல்லிலேயே மனிதப் பேச்சு அவிகிறது, விளக்கு அவிவது போல. சத்தம் அடங்கிய பிறகு கேட்கும் சத்தம் அது. விழித்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். ‘அவளுக்குத் தூக்கம் வரவில்லை’ என்று கடைசி வரி சொல்வதற்கு முன்பே முதல் சொல் சொல்லிவிட்டது. தூங்குகிறவள் காதில் ‘நள்’ விழாது.

வடிவத்திலும் ஒன்று உண்டு. யாமம், மாக்கள், உலகம் என்று விரிந்துகொண்டே போகிறது. உலகத்துக்கு ‘நனந்தலை’ என்று அகலம் வேறு சேர்க்கிறார். அந்த அகலமான உலகம் இருப்பது பாட்டின் மிகக் குட்டையான வரியில். மற்ற வரிகளுக்கு நான்கு சீர், இதற்கு மூன்று. இங்கே கவனமாக இருக்கவேண்டும். கடைசிக்கு முந்தைய அடி முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். குட்டை வரி அவர் கண்டுபிடித்தது அல்ல, கொடுக்கப்பட்டது. ஆனால் அதில் எதை வைப்பது என்பது அவர் கையில் இருந்தது. உலகத்தை அங்கே வைத்துவிட்டு, ‘ஓர் யான்’ என்பதற்கு முழு வரியைக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது கேள்வி: எது இல்லை? இந்தப் பாட்டில் தலைவன் இல்லை. பிரிவு என்ற சொல் இல்லை. பொருள் தேடப் போனது, திருமணம் தள்ளிப்போனது எதுவும் இல்லை. நெய்தல் என்கிறார்கள், ஆனால் கடலும் இல்லை, மணலும் இல்லை. இரங்கல் என்ற உரிப்பொருளை வைத்துத்தான் அது நெய்தல். உங்கள் நண்பர் ‘பிரிவுத் துயர்’ என்று சொன்னபோது அவர் பாட்டிலிருந்து சொல்லவில்லை, துறைக்குறிப்பிலிருந்து சொன்னார். துறைக்குறிப்புகளைப் பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவர்களும் நல்ல வாசகர்கள்தான். உங்களுக்கு முன்னால் அமர்ந்து ‘யார் யாரிடம்’ என்று கேட்டு விடையை எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள். மதிக்கவேண்டும், ஆனால் கொஞ்சம் தாமதமாகப் படிக்கவேண்டும்.

நான் செய்வது இதுதான். முதல்முறை குறிப்பைக் கையால் மூடிக்கொள்வேன். அப்படி மூடிக்கொண்டு இந்த நான்கு வரியைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பேசுவது பெண் என்பதற்கே பாட்டில் ஆதாரம் இல்லை. தமிழில் தன்மை இடத்துக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ‘யான்’, ‘துஞ்சாதேன்’ யாருக்கும் பொருந்தும். மேலே நான் ‘ஒருத்தி’ என்று எழுதியது பாட்டில் இல்லாத பால். காரணம் சொல்லப்படாத விழிப்பு, பெயர் சொல்லப்படாத ஆள். அதனால்தான் பிரிந்தவர் யாரும் இல்லாதவர்கூட ஏதோ ஓர் இரவில் இந்தப் பாட்டுக்குள் படுத்துக்கொள்ள முடிகிறது. குறிப்பைத் திறந்தபின் பாட்டு ஓர் ஆளுக்கும் ஒரு நிலைமைக்கும் சொந்தமாகிறது, தோழி உள்ளே வருகிறாள், அந்தக் குத்தல் சாத்தியமாகிறது. ஒன்றைப் பெற்று ஒன்றை இழக்கிறோம். இரண்டு முறையும் படித்தவருக்கு இரண்டும் கிடைக்கும்.

இந்தக் கேள்விகளும் தவறான இடத்துக்கு இழுத்துப்போகும். நானே போயிருக்கிறேன்.

‘மாக்கள்’ என்ற சொல்லில் நான் ஒரு காலத்தில் பெரிய கோட்டை கட்டினேன். தொல்காப்பிய மரபியலில் ‘மாவும் மாக்களும் ஐயறிவினவே’ என்று வருகிறதல்லவா, ஆறாவது அறிவு மக்களுக்கு. ஆகவே அவள் தூங்குகிறவர்களை விலங்கோடு சேர்த்துத் திட்டுகிறாள் என்று நண்பர் ஒருவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் புறநானூற்று 24ஆம் பாடலில் வரும் ‘இரவன் மாக்கள் ஈகை நுவல’ என்ற அடியை எடுத்துக் காட்டினார். அங்கே இரவலர்கள் கொடையைப் புகழ்கிறார்கள், திட்டு எதுவும் இல்லை. சங்கப் பாடல்களில் மாக்கள் என்றால் பெரும்பாலும் வெறுமனே மனிதர்கள்தான். ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது என்பதால் அந்தக் காலத்துக்காரருக்கும் உறுத்தியிருக்கும் என்று ஆகாது. உறுத்தலைச் சோதிக்க வழி இருக்கிறது. அதே சொல் அதே காலத்து வேறு பாட்டுகளில் எப்படி வருகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் பார்த்தால் போதும். ‘முனிவு’ அந்தச் சோதனையில் நிற்கிறது, ‘மாக்கள்’ விழுந்துவிடுகிறது. அடங்கினரே, துஞ்சாதேனே என்று ஏகாரம் வருகிறதே, அதை வைத்து ஏதாவது சொல்லலாமா என்றால், அதையும் நான் விட்டுவிடுவேன். ஆசிரியப்பாவில் ஏகாரம் வருவது வழக்கம்.

இன்னொரு வழுக்கல், ‘யார் பேசுகிறார்’ என்பது மெதுவாக ‘கவிஞர் யார்’ என்று மாறிவிடுவது. சங்கப் பாட்டில் இது நடக்காது. பதுமனாருக்குத் தூக்கம் வராத வியாதி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. புதுக்கவிதையில் ‘நான்’ என்று வந்தவுடன் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். என் படிக்கட்டுக் கவிதையைப் படித்துவிட்டு வீட்டை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டவர் உண்டு. நான் எந்த வீட்டையும் விற்றதில்லை. விற்பதற்கு இருந்தால்தானே! உங்கள் கூட்டத்தில் பேச்சு எப்போது அந்தப் பக்கம் சரிகிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம், விரல். யாராவது ஒன்று சொன்னால் ‘எந்தச் சொல்லில்?’ என்று கேளுங்கள். பாட்டின் மேல் விரலை வைக்க முடிந்தால் தொடரலாம். முடியாவிட்டால் அவர் கவிஞரைப் பற்றியோ தன்னைப் பற்றியோ பேசுகிறார். அதுவும் சுவாரசியமாக இருக்கலாம், ஆனால் வேறு பேச்சு.

துறைக்குறிப்பு இல்லாத புதுக்கவிதைக்கு இந்தக் கேள்விகள் இன்னும் அதிகமாகத் தேவை. அங்கே கூற்றும் கேட்போரும் களனும் கவிதைக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. உங்கள் ஆளுக்கொரு கருத்தில் பெரும்பகுதி, பேசுபவர் யாரென்று ஆளுக்கொரு அனுமானத்தில் இருப்பதால் வருவது. ஒருவர் மனதில் பேசுவது மகன், இன்னொருவர் மனதில் கணவன். அதைச் சொல்லிக்கொள்ளாமலே கருத்தில் மோதிக்கொள்கிறீர்கள். முதல் பத்து நிமிடம் கருத்தே வேண்டாம் என்று வைத்துக்கொண்டு, ஆள் யார், எங்கே, எப்போது என்பதை மட்டும் தாளில் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘என்ன சொல்ல வருகிறார்’ என்பதை அடியோடு தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஒன்றை நம்மை ஏற்கச்செய்வதற்கென்றே எழுதப்பட்ட பாட்டுகள் உண்டு. அறம் சொல்பவை, அரசனை இடித்துரைப்பவை. அவற்றிடம் அதைக் கேட்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. மற்றவற்றிடமும் கேட்கலாம், கடைசியில். கவிதையின் சொற்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கேட்டால் பதில் ‘பிரிவுத் துயர்’ என்று வராது. இந்தப் பாட்டில் எனக்கு வந்த பதில், ஆறுதல் சொன்னவர்கள் தூங்கிவிட்ட பிறகு மிஞ்சும் கோபம் என்பது போல ஏதோ. அதுவும் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பாட்டுக்கு மட்டும் பொருந்துகிற குறைவு.

அடுத்த கூட்டத்துக்குக் குறுந்தொகை 244ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பல்லோர் துஞ்சும் நள்ளென் யாமத்து’ என்று தொடங்குகிறது, அதே நள்ளிரவு. குறிப்பை மூடிக்கொண்டு படித்துவிட்டு, அந்த வீட்டில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் எழுதுங்கள்.

அன்புடன்.